மூடி போட்ட கோப்பையும் விஜயாக்காவும்

விஜயாக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும். அதில்தான் எனக்கு எரிச்சல். அவரைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு நல்ல பெயரோடு எழுந்து போகலாமென்று பார்த்தால், இந்தக் கதை விட மாட்டேன் என்கிறது.

நான் இலங்கையில் றக்வானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். தொண்ணூற்றிரண்டில் ஐயாவு என்பவருக்குக் கழுத்தை நீட்டி ஓப்பநாயக்கவுக்கு மேலே இருக்கிற இந்தத் தோட்டத்துக்கு வந்தேன். வந்த முதல் வாரமே கொழுந்து பறிக்க மலைக்குப் போனேன். இங்கே ஒரு நாளைக்கு இத்தனை கிலோ கொழுந்து என்று கணக்கு உண்டு. அது வந்தால்தான் முழுப் பேர், முழுச் சம்பளம். குறைந்தால் அரைப் பேர். புதுப்பெண்ணுக்குக் கை ஓடுமா? பாதிக் கூடைதான் தேறியது. நிறுக்கிற இடத்துக்குப் போகும் வழியில், பேசிப் பழகாத ஒருத்தி என் பின்னால் வந்து தன் கூடையிலிருந்து நாலு பிடி அள்ளி என் கூடையில் போட்டாள். நான் திரும்பிப் பார்த்தேன். "கமக் நே," என்றாள். சிங்களத்தில் 'பரவாயில்லை' என்று அர்த்தம். அவர்தான் விஜயகலா. என்னைவிட நாலு வயது மூத்தவர். அன்றிலிருந்து எனக்கு விஜயாக்கா.

அந்த நாலு பிடியோடு நான் நிறுத்திக்கொண்டேனா? அதுதான் இல்லை. மாமியார் ஏசினால் விஜயாக்கா, ஐயாவு குடித்துவிட்டு வந்தால் விஜயாக்கா, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் விஜயாக்கா. நான் மட்டுமில்லை, எங்கள் லயம் என்கிற வரிசைக் கட்டடத்தில் அவருடையது போகப் பன்னிரண்டு காம்பரா, பன்னிரண்டு வீட்டு அழுகையும் அவருடைய வாசற்படியில்தான் வந்து இறங்கும். அவர் பாலில்லாத தேநீரான சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு நாடியில் கையை ஊன்றிக் கேட்டுக்கொண்டிருப்பார். கேட்பதென்றால் சும்மா தலையாட்டுவதில்லை. மறுநாள் மலையில் பார்க்கும்போது, "நேத்து சொன்னியே, அதுக்குப் பொறகு அவரு சாப்பிட்டாரா?" என்று விட்ட இடத்திலிருந்து கேட்பார். அப்படிக் கேட்கிற ஆள் கிடைத்தால் எவள் விடுவாள்?

அவருக்கும் வாழ்க்கை ஒன்றும் பூப்பந்தலாக இருக்கவில்லை. தொண்ணூற்றாறில் புருஷன் இடி விழுந்து செத்துப்போனார். மகன் கிருஷாந்துக்கு அப்போது ஒன்பது வயது. முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த மறுநாள் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு வந்துவிட்டார். "எப்படிக்கா?" என்று கேட்டதற்கு, "கமக் நே" என்றார். நாங்களும் சரி, பெரிய மனசு, தாங்கிக்கொண்டார் என்று நினைத்து எங்கள் எங்கள் கதையைத் தொடர்ந்தோம். நல்ல ஆட்கள்தான் நாங்கள்!

இரண்டாயிரத்து ஏழில் அந்த முடக்குக் காய்ச்சல் வந்தது. சிக்குன்குன்யா என்று டிஸ்பென்சரியில் சொன்னார்கள். லயமே படுத்தது. கை கால் மூட்டெல்லாம் பிடித்துக்கொண்டு, எழுந்து நிற்கக் கிழவி மாதிரி சுவரைப் பிடிக்க வேண்டும். விஜயாக்கா காம்பரா காம்பராவாகக் கஞ்சி கொண்டுபோனார். எனக்கு மூன்று நாள் தலை வாரிவிட்டவரும் அவர்தான். எல்லோரும் எழுந்த பிறகு அவர் விழுந்தார்.

இரண்டாம் நாள் நான் போனேன். கதவு சாத்தியிருந்தது. "என்னக்கா?" என்றேன். "ஒண்ணுமில்ல, சும்மா தலையிடி," என்று படுத்தபடியே சொன்னார். ஒன்றுமில்லை என்கிறாரே என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஐயாவு என் சின்ன நாத்தனாருக்கு என்னைக் கேட்காமல் சேலை வாங்கிக் கொடுத்த கதையை ஒரு மணித்தியாலம் சொன்னேன். அழுதேன்கூட. அவர் படுத்துக்கொண்டே என் கையைத் தடவிக் கொடுத்தார். மனசு லேசாகி வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சோறு தின்றேன்.

காய்ச்சல் விட்ட பிறகு அக்கா ஒரு மாதிரி ஆகிவிட்டார். பேச்சுக் குறைந்தது. கிருஷாந்த் கொழும்புப் பக்கம் வத்தளையில் ஒரு கடையில் வேலைக்கு இருந்தான். அவன் வந்து, "அம்மா, இங்க எல்லாரும் ஒங்கள ஏச்சுப் பொழைக்கிறாங்க. மாசக் கடைசியில வாறேன், சாமானக் கட்டி வைங்க," என்று சொல்லிவிட்டுப் போனான். அக்கா சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. லயம் முழுக்க அவர் போகப்போகிறார் என்று பேச்சு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. போகட்டுமே, யார் தடுத்தது, எங்களையெல்லாம் விட்டுவிட்டுப் போகிறவரிடம் நான் என்ன கெஞ்சவா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அந்த நேரத்தில்தான் மேல் லயத்து ஷாமிளா சைப்ரஸிலிருந்து வந்திருந்தாள். ஐந்து வருஷம் ஒரு வீட்டில் வேலை. அங்கே பக்கத்து வீட்டில் வேலை பார்த்த லோர்னா என்ற பிலிப்பைன்ஸ் பெண் அவளுக்குச் சீட்டுப் பார்க்கப் பழக்கிக் கொடுத்திருந்தாள். டாரோட் என்று பெயராம். எழுபத்தெட்டுச் சீட்டு, எல்லாம் படம். ஷாமிளா அதை ஒரு கறுப்பு லேஞ்சித் துணியில் சுற்றி அலுமாரியில் வைத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், குளித்துவிட்டுத் தலை காயவைத்துக்கொண்டிருந்த என்னிடம் விஜயாக்கா வந்து, "அழகு, ஷாமிளாகிட்ட ஒருக்கா போயிட்டு வருவோமா?" என்றார். அவர் தனக்கென்று ஒரு இடத்துக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் அதைக் கவனிக்கவில்லை. என் புருஷன் எப்போது திருந்துவான் என்று கேட்கலாமே என்று கிளம்பினேன்.

குறி கேட்கப் போகிற முறைப்படி வெற்றிலை, பாக்கு, எலுமிச்சம்பழம் எல்லாம் எடுத்துப்போனோம். போகும்போதே அக்காவிடம் சொல்லி வைத்தேன்: "வாயத் தொறக்காதீங்க. அவளே சொல்லட்டும். சொன்னாத்தான் உண்மையான ஆளு." குறிகாரரிடம் நாங்கள் அப்படித்தான் சோதித்துப் பார்ப்போம். ஷாமிளா பாயை விரித்து எங்களை உட்கார வைத்து, "என்ன கேக்கணும்க்கா?" என்றாள். இரண்டு பேரும் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

ஷாமிளாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அக்கா, இது குறி இல்ல. எம்மேல சாமியும் வராது. நீங்க கேள்வியச் சொல்லாட்டி சீட்டுக்கு எங்க பேச வாய்? நாளைக்கு என்ன நடக்கும்னு இது சொல்லாது. இப்ப நீங்க எங்க நிக்கிறீங்கன்னு காட்டும், அவ்வளவுதான்."

அக்கா தரையைப் பார்த்தார். பாயின் ஓரக் கோரையைப் பிய்த்தார். கடைசியில், "இவங்க எல்லாம் என்னைய ஏச்சுக்கிட்டு இருக்காங்களா?" என்றார். எனக்குத் திக்கென்றது. 'இவங்க எல்லாம்' என்று யாரைச் சொல்கிறார்? மற்ற பதினொரு காம்பராக்காரிகளைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். நல்ல கேள்வி, கேட்கட்டும் என்றும் நினைத்தேன்.

"அடுத்தவங்க மனசப் பத்திக் கேக்க வேணாம்க்கா. அவங்க இங்க இல்ல. ஒங்களப் பத்திக் கேளுங்க."

அக்கா யோசித்தார். "நான் அளவுக்கு மிஞ்சிக் குடுக்கிறேனா? அதனாலதான் என்னைய யாரும் கணக்கெடுக்கலயா?"

"அது கேள்வி," என்றாள் ஷாமிளா. பிறகு சீட்டுக்கட்டிலிருந்து நாலு ராணிச் சீட்டுகளை எடுத்து வரிசையாக வைத்தாள். கையில் கம்பு வைத்த ராணி, காசு வைத்த ராணி, வாள் வைத்த ராணி, கோப்பை வைத்த ராணி. "இதுல நீங்க யாரு? முதல்ல உங்க ஆளை நடுவுல வச்சுட்டுத்தான் மத்தச் சீட்டப் போடணும்." கம்பு வேகத்துக்கும் வேலைக்கும், காசு வீடு வாசலுக்கும், வாள் புத்திக்கும் பேச்சுக்கும், கோப்பை மனசுக்கும் என்று விளக்கமும் சொன்னாள். அக்கா ஒரு நொடிகூட யோசிக்காமல் கோப்பை ராணியைத் தொட்டார். நான் அவசரமாக வாள் ராணியைத் தொட்டு, "நான் இவ," என்றேன். "ஒங்களுக்கு இன்னைக்குப் பாக்கலக்கா," என்று ஷாமிளா என் கையைத் தட்டிவிட்டாள். வெளிநாடு போய் வந்தால் வாய் நீளும்போல.

கோப்பை ராணி தண்ணீர்க்கரையில் ஒரு சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தாள். காலடியில் கூழாங்கல். இரண்டு கையாலும் ஒரு பெரிய கோப்பையைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஷாமிளா அவளை நடுவில் வைத்துவிட்டு மற்றச் சீட்டுகளை அக்காவிடம் கொடுத்து, கேள்வியை மனசில் வைத்துக் கலைக்கச் சொன்னாள். சிக்குன்குன்யாவில் பிடித்த விரல்கள் இன்னும் மடங்கவில்லை. சீட்டு இரண்டு மூன்று கீழே விழுந்தது. பிறகு இடது கையால் மூன்றாகப் பிரிக்கச் சொன்னாள், மாற்றி அடுக்கினாள். ராணிக்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, கீழே ஒன்று, மேலே ஒன்று, நாலையும் கவிழ்த்து வைத்தாள். "இடது, நீங்க குடுக்கிறது. வலது, ஒங்களுக்கு வாறது. கீழ, இதோட வேரு. மேல, செய்ய வேண்டியது."

இடது பக்கச் சீட்டைத் திருப்பினாள். ஒரு மனுஷன் பத்துக் கம்பைக் கட்டிப் பிடித்துத் தூக்கிக்கொண்டு குனிந்து போகிறான். "விறகு," என்றேன். "விறகுதான். ஆனா பாருங்க, முகத்துக்கு நேர புடிச்சிருக்கான். வழி தெரியாது. யாரும் அவன் தலையில ஏத்திவிடல, அவனே எல்லாத்தையும் சேத்துக் கட்டியிருக்கான். அளவுக்கு மிஞ்சிக் குடுக்கிறீங்களான்னு கேட்டீங்களே, ஆமாக்கா. மிஞ்சித்தான் போகுது." அக்கா தலையாட்டினார். நானும் ஆட்டினேன், அந்தப் பதினொரு பேரை நினைத்து.

கீழே இருந்ததில் ஆறு கோப்பை. ஒவ்வொன்றிலும் பூ. ஒரு பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்கு ஒரு கோப்பையை நீட்டுகிறது. "சின்ன வயசுல யாருக்குக்கா குடுத்துப் பழகினீங்க?" என்று ஷாமிளா கேட்டாள். அக்காவுக்குப் பதினொரு வயதில் அம்மா செத்து, அவர்தான் மூன்று தம்பிகளை வளர்த்திருக்கிறார். பதினைந்து வருஷம் பக்கத்துக் காம்பராவில் இருந்தவள் நான். அன்றைக்குத்தான் எனக்கு இது தெரியும். நாங்கள் கேட்கவேயில்லை.

வலது சீட்டைத் திருப்பினாள். ஒரு மரத்தடியில் ஒருத்தன் கையைக் கட்டி உட்கார்ந்திருக்கிறான். முன்னால் மூன்று கோப்பை. மேகத்துக்குள்ளிருந்து ஒரு கை நாலாவது கோப்பையை நீட்டுகிறது. அவன் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பாத்தீங்களாக்கா! நன்றி கெட்ட ஜென்மம்! நீங்க நீட்டுறீங்க, அதுக கையக் கட்டிக்கிட்டு இருக்குதுக!"

ஷாமிளா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "இது எந்தப் பக்கம் விழுந்திருக்கு? ஒங்களுக்கு வாறதுன்னு சொன்ன பக்கம். அப்ப நீட்டுறது மத்தவங்க. கையக் கட்டிக்கிட்டு இருக்கிறது நீங்கக்கா." அக்கா நிமிர்ந்தார். "இன்னொண்ணு பாருங்க. ராணி எந்தப் பக்கம் பாக்கிறா?"

மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். ராணி இடப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவள் கண் முன்னால் கொடுக்கிற பக்கத்து விறகுக்கட்டு. வருகிற கோப்பை அவள் முதுகுக்குப் பின்னால் கிடந்தது.

"ராணி கையில இருக்கிற கோப்பையப் பாருங்க," என்று ஷாமிளா விரலை வைத்தாள். "இந்தக் கட்டுல கோப்பை எத்தனையோ இருக்கு. மூடி போட்டது இது ஒண்ணுதான். மனசு நெறைய இருக்கு, ஆனா உள்ள என்னன்னு வெளிய ஒருத்தருக்கும் தெரியாது. கேட்டா என்ன சொல்லுவீங்க?"

அக்கா வாயைத் திறந்தார். 'கமக் நே' நாக்கு நுனி வரை வந்து நின்றதை நான் கண்ணால் பார்த்தேன். சொல்லாமல் அழ ஆரம்பித்தார். விஜயாக்கா அழுது நான் பார்த்ததே இல்லை. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் எங்களுக்கு என்ன செய்வாரோ அதைச் செய்ய வேண்டும் என்றுகூட என் மரமண்டைக்கு ஏறவில்லை.

"அப்ப தப்பு எல்லாம் எம்மேலயா?" என்று அக்கா கேட்டார்.

"இல்லக்கா. குடுக்கிறத வாங்கி வாங்கிப் பழகினவங்களும் இருக்காங்க. அவங்கள இந்தச் சீட்டு நல்லவங்கன்னு சொல்லல." சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. பார்க்காமல் இருந்ததுதான் சுருக்கென்று தைத்தது.

மேலே இருந்த சீட்டைத் திருப்பினாள். நான் தொட்ட அதே வாள் ராணி! "இவ நேராப் பாக்கிறா. ஒரு கையில வாள் நிமிந்து நிக்குது, மத்தக் கை வெறுங்கையா நீட்டி இருக்கு. ஆளுகள வெட்டச் சொல்லல. வேணும்கிறத வேணும்னும், வலிச்சத வலிச்சதுன்னும் நேராச் சொல்லச் சொல்லுது. சொன்ன பொறகும் ஒருத்தர் குடுக்காட்டி, அப்ப போங்க. சொல்லாமலே போனா, அவங்க ஏச்சாங்களா இல்லையான்னு கடைசி வரைக்கும் ஒங்களுக்குத் தெரியாது." எலுமிச்சம்பழத்தை எங்களிடமே திருப்பிக் கொடுத்தாள், ஊறுகாய் போடச் சொல்லி.

மறுநாள் மலையில் அக்கா என் தேயிலை நிரைக்குப் பக்கத்து நிரையில் நின்றார். விரல் மடங்காமல் கொழுந்து ஒடிக்க முடியவில்லை. நிறுக்கப் போகும் நேரம் அவர் கூடை பாதிக்கும் கீழே. நான் பார்க்காத மாதிரி நடந்தேன். மூன்று வாரமாக அப்படித்தான், நாலு பேர் தங்கள் கொழுந்தை அள்ளிப் போடப் போனபோதெல்லாம் 'கமக் நே' என்று கூடையைத் திருப்பிக்கொண்டு அரைப் பேரோடு போய்க்கொண்டிருந்தார். நாங்களும் கேட்பதை விட்டுவிட்டோம். அன்றைக்கு அவர் நின்றார். முகமெல்லாம் சிவந்து, "பிள்ளைகளா, எனக்குக் கொழுந்து காணாது, கொறையுது. ஆளுக்கு ஒரு பிடி போடுங்க," என்றார்.

ஆளுக்கு ஒரு பிடியாம்! அதற்குப் பிறகு நடந்ததைக் கங்காணி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். இருபது பொம்பளைகள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு ஓடி வந்து அள்ளிப் போட்டதில் கொழுந்து கூடையை மீறித் தரையில் கொட்டியது. நானும் போட்டேன்.

வீட்டுக்கு வந்து கூடையை இறக்கிவிட்டு அடுப்பில் சோற்றை ஏற்றியதும் அக்கா என் வாசலில் வந்து நின்றார். "அழகு, ஒண்ணு சொல்லணும். எனக்குக் காய்ச்சல் வந்தப்ப நீ வந்து சேலைக் கதை சொன்ன. எனக்கு எந்திரிச்சுத் தண்ணி எடுக்க முடியல. நீ ஒரு கோப்பை தண்ணி தருவியான்னு பாத்துக்கிட்டே கெடந்தேன். எனக்கு ரொம்ப வலிச்சிச்சு."

முதலில் எனக்குச் சண்டை பிடிக்கத்தான் வந்தது. "தலையிடின்னுதானே சொன்னீங்க! நான் என்ன ஜோசியம் பாக்கவா?" என்று கத்தினேன். அவர் பின்வாங்கவில்லை. "ஆமா, நான் மறைச்சேன். அது எம்பிழை. நீ பாக்கல. அது ஒம்பிழை," என்றார். எவ்வளவு அமைதியாகச் சொன்னார் தெரியுமா? நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். "இன்னைக்கு நீங்க பேசுங்கக்கா," என்றேன். "நான் வாயப் பொத்திக்கிட்டு இருக்கேன்."

பேசினார். அடுப்பில் என் சோறு குழைகிற வரைக்கும் பேசினார். இடி இடித்தால் அவருக்கு இன்றைக்கும் உடம்பு வெடவெடக்குமாம், மூலையில் காதைப் பொத்திக்கொண்டு உட்காருவாராம். அப்படி இடி இடித்தால் என் இரண்டு பிள்ளைகளையும் நான் அவர் காம்பராவுக்குத்தான் அனுப்புவேன், அக்கா இருக்கிறார், பயப்பட மாட்டார் என்று. புருஷனை இடியில் பறிகொடுத்தவரிடம்! அவர் என் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு பாட்டுப் பாடியிருக்கிறார், பதினொரு வருஷமாக.

"வத்தளைக்குப் போய் நான் என்னா செய்யப் போறேன், அழகு?" என்றார் கடைசியில். "அங்க எனக்கு ஒருத்தரயும் தெரியாது. கிருஷாந்த் வந்து கூப்பிட்டுட்டுப் போய் இருபது நாளாச்சு. இந்த லயத்துல ஒரு ஆளு..." அதற்கு மேல் சொல்லவில்லை. வழக்கமாக அந்த இடத்தில் அவர் சிரித்து மூடிவிடுவார். அன்றைக்கு மூடவில்லை. சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொல்லி முடித்தார். "ஒரு ஆளு என்னைய இருன்னு சொல்லல."

இருபது நாளாக மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, இந்த ஒரு சொல்லைத் தொண்டைக்குள் வைத்திருந்தவள் நான். கெஞ்ச மாட்டேன் என்று வீம்பு பிடித்த வாள் ராணி!

"போகாதீங்கக்கா," என்றேன். "நீங்க போனா நான் செத்துருவேன்னு சொல்ல மாட்டேன், செத்துற மாட்டேன். ஆனா எனக்கு நீங்க வேணும். இருங்க."

அக்கா என்னையே பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "அடுப்புல சோறு கருகுது, எந்திரி," என்றார். நான் எழப் போனேன். என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"இன்னொருக்கா சொல்லு," என்றார்.